பவுடர் பூச்சில் விழுந்த கீறல்

இரும்புப் பீரோ வாங்கச் செல்பவரிடம், "இது பவுடர் கோட்டிங் சார், ஆயுசுக்கும் பெயிண்ட் அடிக்கவே வேண்டாம்" என்று கடைக்காரர் உறுதி கூறுவது இக்காலத்தில் சர்வசாதாரணம். அந்த உறுதியில் பெரும்பகுதி உண்மையே. எனினும் பூச்சு பழுதின்றி இருக்கும் வரையில்தான் அது செல்லும். ஒரு கீறல் இரும்புவரை இறங்கிவிட்டால், எனாமல் பூசிய பழைய பீரோவைக் காட்டிலும் இந்தப் புதிய பீரோவுக்கே விரைந்த கவனிப்பு தேவைப்படுகிறது என்பது பலரும் அறியாத விஷயம்.

சாதாரண எனாமல் என்பது பிசினும் நிறப்பொருளும் ஒரு திரவத்தில் கரைந்தும் கலந்தும் நிற்கும் சாயம். பூசியபின் திரவம் ஆவியாகிப் போக, எஞ்சிய பிசின் காற்றிலுள்ள பிராணவாயுவுடன் மெல்லக் கூடி இறுகுகிறது. ஒரு கைப்பூச்சின் கனம் உலர்ந்தபின் ஏறக்குறைய 25 முதல் 30 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு அளவே தேறும். பவுடர் கோட்டிங்கிலோ திரவமே கிடையாது. மாவுபோன்ற பிசின்தூளுக்குத் தெளிப்புத் துப்பாக்கியின் முனையில் மின்னேற்றம் செய்து, தரையோடு மின்தொடர்பு கொண்ட இரும்பின்மேல் தெளிக்க, அது கவர்ச்சியினால் ஒட்டிக்கொள்கிறது. பின்னர் சுமார் 180 முதல் 200 டிகிரி உஷ்ணமுள்ள அடுப்பில் அத்தூள் உருகிப் பரவி, இரசாயன மாறுதல் அடைந்து, 60 முதல் 80 மைக்ரான் கனமுள்ள ஒரே உறையாகக் கெட்டிப்படுகிறது. உராய்வையும் மோதலையும் அது எனாமலைவிட நன்கு தாங்குவதற்கு இதுவே காரணம்.

அந்த உறுதியே கீறல் விழுந்தபின் எதிராகிறது. எனாமலில் கீறல் விழுந்தால், துரு அதே இடத்தில் செம்பழுப்பாகத் தலைகாட்டி, மெல்லிய பூச்சைச் செதிலாக உதிர்த்து, தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடுகிறது. பவுடர் உறை எளிதில் உதிர்வதில்லை. கீறலில் தங்கிய உப்பும் ஈரமும் இரும்பை அரிக்கும்போது, கீறலின் ஓரத்தில் உறைக்கு அடியில் காரத்தன்மை உண்டாகி, உறைக்கும் இரும்புக்கும் இடையேயுள்ள பிடிப்பைத் தளர்த்துகிறது. துரு அந்த இடைவெளியில் நுழைந்து, மேலே ஒன்றும் தெரியாமலே பக்கவாட்டில் பரவுகிறது. துருவின் பருமன் இரும்பினும் பன்மடங்கு பெரிதாகையால் உறை கொப்புளமாக எழும்பும்போதுதான் நமக்கு விஷயம் புலனாகிறது. அதற்குள் சேதம் கீறலைத் தாண்டி வெகுதூரம் சென்றிருக்கும்.

உதாரணமாக, சென்னைக் கடற்கரைப் பக்கத்து வீடு ஒன்றில் பீரோவை நகர்த்தும்போது நிலைப்படியில் உரசி, அதன் காலருகே விரல்நீளத்துக்குக் கீறல் விழுந்ததாகக் கொள்வோம். தினந்தோறும் தரை துடைக்கும் ஈரம் அங்கேதான் படுகிறது. கீறலில் பளபளப்பு தெரிந்தால் இரும்பு வெளிப்பட்டுவிட்டது என்று அறியலாம். முதலில் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் உப்பைத் துடைத்து, முற்றிலும் உலரவிட வேண்டும். பிறகு பிளேடின் நுனியைக் கீறலின் ஓரத்தில் மெதுவாகச் செலுத்திப் பார்த்து, உறை எழும்புமாயின், எழும்பாத உறுதியான இடம் வரும்வரையில் அதைச் சீவி எடுத்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் மேலே சாயம் தடவுவது துருவை உள்ளே வைத்துப் பூட்டுவதாகும்.

அடுத்து 220 எண் உப்புத்தாளால் இரும்பு வெண்மையாகும் வரையில் தேய்த்து, சுற்றிலும் கட்டைவிரல் அகலத்துக்குப் பூச்சின் விளிம்பைச் சரிவாக்க வேண்டும். வெந்து கெட்டியான பவுடர் வழுவழுப்பானது; அதன் பளபளப்பைத் தேய்த்து மங்கச் செய்யாவிடில் புதிய சாயம் அதில் பற்றாது. தூசியைத் தின்னர் தோய்த்த துணியால் துடைத்து, ரெட் ஆக்ஸைடு பிரைமரை மெலிதாகப் பூசி ஓரிரவு காயவிட்டு, 400 எண் தாளால் இலேசாகத் தேய்த்தபின், அதே நிற எனாமலை இரண்டு அல்லது மூன்று மெல்லிய கைகளாகப் பூசலாம். மூல உறையின் கனத்தை எட்ட அத்தனை கை தேவைப்படும். ஒவ்வொன்றும் நன்கு காய்ந்தபின்னரே அடுத்ததைத் தொட வேண்டும்.

வீட்டில் பவுடரையே மீண்டும் பூச இயலாது. அடுப்பில் ஏற்ற வேண்டுமாயின் கண்ணாடி, ரப்பர், பூட்டு ஆகிய யாவற்றையும் கழற்ற நேரும். ஆகவே கீறலைச் செப்பனிட எனாமலே உதவுகிறது; ஒட்டுப்போட்ட இடம் நிறத்தில் சற்று வேறுபட்டுத் தெரிவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் நகத்தால் இழுத்தவுடன் பூச்சு தாளாக உரிந்து வருமானால், அது கீறலின் குற்றமன்று. தூள் தெளிக்கும்முன் எண்ணெய் நீக்கிப் பாஸ்பேட் தொட்டியில் இரும்பை முக்கும் வேலை சரிவர நடைபெறவில்லை என்பதற்கு அறிகுறி. அத்தகைய பீரோவுக்கு ஒட்டுவேலை நிற்காது. பூச்சு முழுவதையும் நீக்கி மறுபடி செய்விப்பதே வழி.