அப்பத்தாவின் ஏழு பொத்தான்கள்

டிவிக்கு ஒரு ரிமோட், கேபிள் பெட்டிக்கு ஒரு ரிமோட். இரண்டிலும் பவர் இருக்கிறது, இரண்டிலும் எண்கள் இருக்கின்றன, இரண்டும் கறுப்பு. ஆனால் சேனல் மாறுவது பெட்டி ரிமோட்டில் மட்டும்தான். சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கும் என் அப்பத்தாவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. காலையில் திருப்பதி சேனல், மதியம் கே டிவியில் ஒரு படம், சாயங்காலம் சன் டிவி தொடர், நடுவில் கொஞ்ச நேரம் 'பொதிகை'. அந்தச் சேனல் 2024 ஜனவரியில் டிடி தமிழ் என்று பெயர் மாறிவிட்டது என்று சொன்னேன். கேட்டுக்கொண்டார், ஏற்றுக்கொள்ளவில்லை.

இந்த நான்கு சேனலுக்காக அவர் தினமும் எழுபது, எண்பது பொத்தான்களோடு மல்லுக்கட்டினார். அவற்றில் பெரும்பாலானவற்றைத் தவறிப்போய் அமுக்கினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. ஒன்றே ஒன்றுதான் வில்லங்கம்: டிவி ரிமோட்டில் இருக்கும் 'சோர்ஸ்'. படம் எந்த ஒயர் வழியாக வரவேண்டும் என்று டிவிக்குச் சொல்லும் பொத்தான் அது. கை பட்டுவிட்டால் டிவி வேறு வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொள்ளும். திரையில் No Signal என்று வரும். அதற்குப் பிறகு சேனல் பொத்தானை எத்தனை முறை அமுக்கினாலும் பலன் கிடையாது. "படம் போச்சுய்யா" என்று எனக்கு போன் வரும். பக்கத்து வீட்டுப் பையன் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை டிவி சும்மா கிடக்கும்.

பெரிய பொத்தான் ரிமோட் என்று கேட்டால் கடையில் இரண்டு வகை எடுத்துக் காட்டுவார்கள். ஒன்று, அதே நாற்பது பொத்தான்களைப் பெரிதாக்கி வைத்தது. அதை வாங்குவது வீண் என்பேன். சோர்ஸும் சேர்ந்து பெரிதாகியிருக்கும். இன்னொன்று, ஆறு ஏழு பொத்தான் மட்டுமே உள்ள 'லேர்னிங்' ரிமோட். அதற்குச் சொந்தமாக ஒன்றும் தெரியாது. பழைய ரிமோட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். பொத்தான் குறைவு என்பது புதுமையும் இல்லை. அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம் 1956-ல் விற்ற 'ஸ்பேஸ் கமாண்ட்' ரிமோட்டில் மொத்தம் நான்கே பொத்தான்கள். அதற்கு பேட்டரிகூடக் கிடையாது. அமுக்கினால் உள்ளே சிறு சுத்தியல் ஒன்று அலுமினியக் கம்பியைத் தட்டும்; மனிதக் காதுக்கு எட்டாத அந்த ஒலியை டிவி கேட்டுக்கொள்ளும்.

இன்றைய ரிமோட்டுகளில் பெரும்பாலானவை ஒலிக்குப் பதிலாக அகச்சிவப்பு ஒளியை அனுப்புகின்றன. கண்ணுக்குத் தெரியாத ஒளி. ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒவ்வொரு விதமாக விட்டுவிட்டு மினுங்கும். லேர்னிங் ரிமோட் அந்த மினுக்கலைத்தான் பதிவு செய்கிறது. ஆகவே வாங்குவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. போனின் செல்பி கேமராவைத் திறந்து, பழைய ரிமோட்டின் முனையை அதற்கு நேரே காட்டி ஒரு பொத்தானை அமுக்குங்கள். வெளிர் ஊதாவாக ஒரு புள்ளி மினுங்கினால் அந்தப் பொத்தானைக் கற்றுக்கொடுக்கலாம். புது பேட்டரி போட்டும் மினுங்கவில்லை என்றால் அது புளூடூத்தில் பேசும் ரிமோட்டாக இருக்கலாம். அதை இப்படிப் பதிவு செய்ய முடியாது. குரலில் தேடும் வசதி உள்ள சில ரிமோட்டுகளில் பவர் மட்டும் ஒளியிலும் மற்றவை புளூடூத்திலும் போகும். அதனால் தேவையான ஒவ்வொரு பொத்தானையும் தனித்தனியாகச் சோதிப்பது நல்லது.

அப்பத்தாவின் ரிமோட்டுகள் இரண்டும் மினுங்கின. வெயில் நேரடியாக விழாத இடத்தில் மேசைமேல் பழையதையும் புதியதையும் மூக்கோடு மூக்கு பார்க்க வைத்தேன். நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி. புதியதில் அதற்கான இரண்டு பொத்தான்களைச் சேர்த்துச் சில நொடிகள் பிடித்தால் விளக்கு எரிந்து, கற்கத் தயார் என்று காட்டும். எந்த இரண்டு என்பது ரிமோட்டுக்கு ரிமோட் மாறும், உறையிலேயே அச்சிட்டிருப்பார்கள். பிறகு புதியதில் 'சத்தம் கூட்டு', பழையதில் அதே பொத்தான். விளக்கு மினுங்கி ஏற்றுக்கொண்டது. ஒவ்வொன்றாக இப்படியே.

எதை எங்கிருந்து கற்றுக்கொடுப்பது என்பதில்தான் யோசனை வேண்டும். சத்தத்தை டிவி ரிமோட்டிலிருந்து எடுத்தேன். சேனல் ஏற்றம் இறக்கம் பெட்டி ரிமோட்டிலிருந்து. பவர்தான் சிக்கல், ஏனென்றால் ஒரு பொத்தான் ஒரு கட்டளையைத்தான் கற்கும். அணைக்க வேண்டியதோ இரண்டு பொருள். டிவியின் பவரை மட்டும் கொடுத்துவிட்டு, பெட்டியை எப்போதும் ஓடும்படி விட்டுவிட்டேன். கொஞ்சம் மின்சாரம் வீணாகும்தான். டிவியில் ஒரு பட்டனும் பெட்டியில் ஒரு பட்டனுமாக ஒன்று எரிந்து ஒன்று அணைந்து மாட்டிக்கொள்வதைவிட அது மேல்.

அடுத்தது சேனல்கள். நூற்றுக்கணக்கான சேனல்களை ஏற்ற இறக்கப் பொத்தானால் கடப்பது யாராலும் ஆகாது. பல பெட்டிகளில் 'ஃபேவரைட்' என்று ஒரு பட்டியல் உண்டு. பிடித்த சேனலில் நின்றபடி மெனு வழியாக அதைப் பட்டியலில் சேர்க்கலாம். அந்தப் பட்டியலுக்குள் நுழைந்துவிட்டால் ஏற்ற இறக்கம் அதற்குள்ளேயே சுற்றும். அப்பத்தாவுக்கு நான்கே சேனல். எந்தப் பக்கம் போனாலும் கொஞ்சத்தில் வீடு வந்து சேரும். கரண்ட் போய் வந்தால் அவருடைய பெட்டி பட்டியலை விட்டு வெளியே வந்து நிற்கும். அதனால் ஏழாவது பொத்தானுக்கு ஃபேவரைட்டைக் கற்றுக்கொடுத்து, அதன்மேல் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டினேன். கேபிள்காரர் சேனல் எண்களை மாற்றினால் பட்டியலைத் திரும்பப் போடவேண்டி வரலாம். அதற்காகவும், புதியது என்றாவது மறந்துபோனால் மறுபடி கற்பிக்கவும், பழைய ரிமோட்டுகளைப் பீரோவில் பத்திரப்படுத்தியிருக்கிறோம்.

எல்லாம் முடிந்து கையில் கொடுத்தால், திருப்பதியிலிருந்து கே டிவிக்குப் போகவேண்டியவர் அதைத் தாண்டி சன் டிவிக்குப் போனார். திரும்ப அமுக்கினால் மறுபடி தாண்டியது. ரிமோட் கெட்டதோ என்று பார்த்தேன், இல்லை. பொத்தானை அமுக்கிப் பிடித்திருக்கும்வரை கட்டளை திரும்பத் திரும்பப் போய்க்கொண்டே இருக்கும். பரவலாகப் புழங்கும் ஒரு முறையில் நொடிக்கு ஒன்பது தடவை. வயதானவர்கள் அழுத்தமாக, நிதானமாக அமுக்குவார்கள். அந்த நிதானமே இரண்டு சேனல் தாவலாகிவிடுகிறது.

"அப்பத்தா, தொட்டுட்டு உடனே எடுத்துரு. அமுக்கிப் புடிக்காத."

"அமுக்குனாத்தானய்யா அதுக்குத் தெரியும்?"

பொத்தானைப் பார்க்காமல் திரையைப் பார்க்கச் சொன்னேன். எண் மாறிய நொடியில் விரலை எடுக்க வேண்டும். சத்தத்தில் பழக்கினோம். அதில் தப்பினாலும் நஷ்டமில்லை, கோடு கூடிக் குறைவது திரையில் தெரியும். விரல் பழகிய பிறகுதான் சேனலுக்குப் போனோம்.

இன்னொன்றையும் சரிசெய்ய வேண்டியிருந்தது. பெட்டியின் ரிமோட் கண், முருகன் படத்துக்குப் பின்னால் இருந்தது. சத்தம் மாறுகிறது, சேனல் மாறவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். டிவியின் கண் வெளியே இருக்கும், பெட்டியின் கண் மறைந்திருக்கும். முருகனை ஒரு சாண் தள்ளி வைத்தோம், அப்பத்தாவின் அனுமதியோடு.

'மியூட்' பொத்தானுக்கு மட்டும் நான் ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை. சத்தமே வராமல் போய் அவர் பயந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

"இது எதுக்குய்யா வேல செய்யாமக் கெடக்கு?"

அவர் வீட்டு மின்விசிறியும் அகச்சிவப்பு ரிமோட்டில் ஓடுவது. அதைக்கூட இந்தப் பொத்தானுக்குப் பழக்கலாம் என்றேன். மின்விசிறிக்குத்தான் சுவரில் சுவிட்சு இருக்கிறதே என்று தள்ளிவிட்டார். அதன் அசல் வேலை என்ன என்று கேட்டார், சொன்னேன். அதுதான் வேண்டும் என்றார். கற்றுக்கொடுத்தேன், தவறி அமுக்கினால் 'சத்தம் கூட்டு' பொத்தானைத் தொட்டால் போதும், பெரும்பாலான டிவிகளில் சத்தம் திரும்பிவிடும் என்பதையும் காட்டினேன். இப்போது தொடரின் நடுவே விளம்பரம் வந்ததும் முதல் ஆளாக அவர் விரல் அதற்குத்தான் போகிறது. அந்த நேரத்தில்தான் எனக்கு போனும் வருகிறது, படம் போனதைச் சொல்ல அல்ல, ஊர்க்கதை பேச. விளம்பரம் முடிந்ததும் வைத்துவிடுகிறார்.