நாற்பது பேரின் விடையை ஒரு தாளில் வரைதல்

கருத்தரங்குகளில் கட்டுரை வாசிப்பதற்கு மாறாக, ஆய்வின் முடிவுகளைப் பெருந்தாளொன்றில் வரைந்து சுவரில் தொங்கவிட்டு, அருகே நின்று விளக்கும் முறை ஒன்று உண்டு. சிறிய ஆய்வுக்கு இம்முறை பொருத்தமானதே. ஆயினும் ஆய்வின் சிறுமையை மறைத்துவிடும் சோதனையும் அதிலேயே அடங்கியுள்ளது.

வேளாங்கண்ணித் திருவிழாவை எடுத்துக்கொள்வோம். அது ஆகஸ்ட் 29இல் கொடியேற்றத்துடன் தொடங்கிச் செப்டம்பர் 8இல், மரியாளின் பிறந்தநாள் விழாவுடன் நிறைவுறுகிறது. அங்கு நடந்து செல்வோருள் 40 பேரை, வழியிலுள்ள ஒரு தண்ணீர்ப் பந்தலில் மாணவர் ஒருவர் வினவினார் எனக் கொள்வோம். தாம் நடந்து வருவதற்கு முதற்காரணம் நேர்த்திக்கடனே என்று 14 பேர் கூறினர். அவர்களுள் பெண்கள் 9 பேர், ஆண்கள் 5 பேர். வினவப்பட்டோரில் பெண்கள் 16, ஆண்கள் 24.

இதனை '35 விழுக்காட்டினர்' என்று எழுதி ஒரு வட்டத்தைக் கூறுபோட்டு வரைவதே பலர் செய்வது. அவ்வட்டம் 40 பேரையும் 4,000 பேரையும் ஒரே தோற்றத்தில் காட்டும். குருட்டுச்சீட்டு முறையில் தெரிந்தெடுத்த 40 பேராயினுங்கூட, உண்மை அளவு ஏறக்குறைய 22க்கும் 50க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். இவர்களோ பந்தலில் இளைப்பாற நின்றவர்கள் மட்டுமே. பேருந்திலும் இரயிலிலும் வந்தோர் கணக்கில் சேரவில்லை. எனவே வட்டத்தை விடுத்து, ஆளுக்கொரு புள்ளியாக 40 புள்ளிகள் இடுவதே நன்று. பெண்களுக்கு ஒரு வரிசை, ஆண்களுக்கு மற்றொன்று. நேர்த்திக்கடன் என்றோரின் புள்ளிகளை நிரப்புக. வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். அது எத்துணைச் சிலரைச் சார்ந்தது என்பதும் உடனே விளங்கும். பெண்களில் மூவர் வேறு விடை பகர்ந்திருப்பின் படம் பெரிதும் மாறிவிடும் என்பதைப் பார்ப்பவரே எண்ணி அறிவார்.

தலைப்பிலும் இவ்வடக்கம் வேண்டும். 'வேளாங்கண்ணிப் பயணிகளின் பக்தி' என்பது மிகை. 'ஒரு பந்தலில் சந்தித்த 40 நடைப்பயணிகளில் 14 பேர் நேர்த்திக்கடனுக்காக வந்தோர்' என்பது நீளமாயினும், முடிவையும் அதன் எல்லையையும் ஒருங்கே கூறுகிறது.

தாளின் அளவு பெரும்பாலும் 84 செ.மீ. அகலம், 119 செ.மீ. உயரம். தமிழ்ச் சொற்கள் நீண்டவையாதலின் இடம் விரைவில் நிரம்பும். ஆகவே சொற்கள் 250ஐத் தாண்டாதிருத்தல் நலம். இடம் போதாதபோது எழுத்தைச் சிறிதாக்குவோர் பலர். வாக்கியத்தை வெட்டுவதே முறை. முழுத்தாளையும் சாதாரணக் கடிதத்தாள் அளவிற்குச் சுருக்கி அச்சிட்டுக் கையில் பிடித்துப் பார்க்கலாம். அப்போதும் படிக்க இயலுமாயின், சுவரிலும் படிக்கலாம். ஆய்வுமுறைக்கு இரண்டு வரிகள் போதும். ஆனால் வினவிய இடமும் நாட்களும் அவற்றுள் இருத்தல் வேண்டும்.

படங்களைப் பற்றியும் ஒரு சொல். நேர்த்திக்கடன் பெரும்பாலும் நோய், பிள்ளையின்மை, கடன்சுமை போன்றவற்றோடு பிணைந்தது. வினாவிற்கு விடை தந்தவர் தம் முகத்தைச் சுவரில் மாட்ட இசைவு தந்தவராகார். தனியே இசைவு பெறாதவிடத்து, சாலையையோ பந்தலையோ காட்டும் படமே போதுமானது.