அம்மா 'தொலைஞ்சு போச்சு' என்று எழுதினால், ஏர்லைனுக்கு நீங்கள் என்ன எழுத வேண்டும்?

ஒரு உதாரணம். ஜனவரி மாதம் அம்மா டெல்லியிலிருந்து ஃபிராங்ஃபர்ட் போகிறார். அங்கிருந்து வாட்ஸ்அப்பில் உங்களுக்கு ஒரு குறிப்பு அனுப்புகிறார்:

"12ஆம் தேதி காலைல இறங்குனேன், பெட்டி வரல. நாளைக்கு வந்துடும்னு சொன்னாங்க. ஸ்வெட்டர் எல்லாம் அதுலதான். தொலைஞ்சே போச்சுன்னு நெனச்சேன். 16 அன்னிக்கு வீட்டுக்குக் கொண்டுவந்து குடுத்தாங்க. கைப்பிடி ஒடஞ்சு கெடக்கு. துணிக்கு 94 யூரோ ஆச்சு."

இதை ஆங்கிலப் புகாராக்கும் வேலை உங்களுடையது. முதல் வழுக்கல், 'தொலைஞ்சு போச்சு'. பதற்றத்தில் நாம் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் கடிதத்தில் 'லாஸ்ட்' என்று போட்டால் அது வேறு வகைக் கோரிக்கை ஆகிவிடும். சர்வதேசப் பயணங்களுக்கான மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி, ஏர்லைன் தானே ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது வர வேண்டிய நாளிலிருந்து 21 நாள் தாண்டியும் பெட்டி வராமல் இருக்க வேண்டும். அப்போதுதான் அதைத் தொலைந்த பெட்டியாகக் கோர முடியும். அம்மாவின் பெட்டி நாலாம் நாளே வந்துவிட்டது. எனவே 'டிலேய்ட்' என்றே எழுதுங்கள். "தொலைஞ்சுதுன்னு நெனச்சேன்" என்ற வரி கடிதத்துக்கே வேண்டாம்.

அடுத்தது 'சொன்னாங்க'. யார் சொன்னார்கள் என்று தமிழ் கேட்பதில்லை, ஆங்கிலம் கேட்கும். "தே டோல்ட் மீ" என்றால் ஏர்லைனுக்கு ஒன்றும் புரியாது. அம்மாவுக்கு ஃபோன் போட்டுக் கேளுங்கள்: எந்த கவுண்டர், எத்தனை மணி, கையில் ஏதாவது பேப்பர் கொடுத்தார்களா? அந்தப் பேப்பர்தான் பிஐஆர். அதிலுள்ள எண்ணையும், போர்டிங் பாஸோடு ஒட்டித் தந்த பேக் டேக் எண்ணையும் கடிதத்தின் முதல் பத்தியிலேயே போடுங்கள். பிஐஆர் கொடுத்தாச்சே என்று விட்டுவிடாதீர்கள், இழப்பீட்டுக்குத் தனியாக எழுத வேண்டும்.

பலரும் கோட்டை விடுவது கைப்பிடியில். அம்மாவுக்கு அது குறிப்பில் ஒரு வரிதான். ஒப்பந்தத்தில் அது சேதம், தாமதம் அல்ல. சேதத்துக்குப் பெட்டி கைக்கு வந்ததிலிருந்து 7 நாளுக்குள் எழுத்தில் புகார் போக வேண்டும், அதாவது ஜனவரி 23. தாமதத்துக்கு 21 நாள், பிப்ரவரி 6 வரை. 'அப்புறம் சேர்த்து அனுப்பிக்கலாம்' என்று பிப்ரவரி 1-ல் அனுப்பினால் 94 யூரோ கேட்கலாம், கைப்பிடிக்குக் கேட்கும் உரிமை போய்விடும். இரண்டையும் 23-க்குள், ஒரே கடிதத்தில் தனித்தனிப் பத்தியாக அனுப்புவதே நல்லது. உடைந்த இடத்தின் போட்டோவும் கூடவே போகட்டும்.

94 யூரோவையும் மொத்தமாக எழுத வேண்டாம். ஸ்வெட்டர் எவ்வளவு, உள்ளாடை எவ்வளவு, எந்தத் தேதியில் வாங்கியது என்று பில்லைப் பார்த்துப் பிரியுங்கள். 16-ஆம் தேதிக்குப் பிறகு வாங்கியது இருந்தால் நீங்களே எடுத்துவிடுங்கள், பெட்டி வந்த பிறகு வாங்கியதைத் தாமதத்தின் கணக்கில் சேர்க்க முடியாது.

பதில் வராவிட்டால் வழக்குப் போட 2 ஆண்டு அவகாசம் உண்டு. அதுவரை அம்மாவின் அந்த மெசேஜை டெலீட் செய்யாதீர்கள்.