main தொடங்கும் முன்

சி மொழி படிக்கும் எவருக்கும் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவார்கள்: நிரல் `main`-இல்தான் தொடங்கும். மைக்ரோகன்ட்ரோலரைப் பொறுத்தவரை அது பாதி உண்மைதான். மாணவர்கள் பலரும் வாங்கிப் பழகும் 'புளூ பில்' என்ற நீல நிறப் பலகையை எடுத்துக்கொள்வோம். அதில் இருப்பது எஸ்டிஎம்32எஃப்103 சில்லு. ரீசெட் பொத்தானை அழுத்தி விட்டதும் அது நேராக `main`-க்குப் போவதில்லை. அதற்கு முன் சில வேலைகள் நடந்தாக வேண்டும்.

சில்லு செய்யும் முதல் காரியம், பூஜ்ய முகவரியிலிருந்து இரண்டு எண்களைப் படிப்பது. வழக்கமான ஜம்பர் அமைப்பில் அந்த இடத்தில் தெரிவது ஃபிளாஷ் நினைவகத்தின் தொடக்கம். ஒரு நிரலில் அது இப்படி இருக்கலாம்:

```
08000000: 20005000
08000004: 08000145
```

முதல் எண் ஸ்டாக்கின் உச்சி. இந்தச் சில்லின் ரேம் 0x20000000-இல் தொடங்குகிறது. அளவு 20 கிலோபைட். ஆகவே 0x20005000 என்பது ரேம் முடியும் எல்லை. ஸ்டாக் அங்கிருந்து கீழ்நோக்கி வளரும். இரண்டாவது எண், முதலில் ஓடவேண்டிய `Reset_Handler` இருக்கும் இடம். அது ஒற்றைப்படையாக இருப்பது பிழையல்ல. உண்மையான கட்டளைகள் 0x08000144-இல் இருக்கின்றன. கடைசி பிட்டில் உள்ள 1, அவை 'தம்ப்' வகைக் கட்டளைகள் என்பதற்கான அடையாளம். இந்த இரண்டு எண்களையும் வன்பொருளே படித்து, உரிய ரெஜிஸ்டர்களில் வைத்துவிடுகிறது. அதுவரை நிரலின் ஒரு கட்டளைகூட ஓடியிருக்காது. ஸ்டாக் முன்கூட்டியே தயாராகிவிடுவதால், `Reset_Handler`-ஐ சி மொழியிலேயே எழுத முடிகிறது.

அதன் முக்கிய வேலை மாறிகளைத் தயார்செய்வது. இரண்டு பொது மாறிகளைப் பார்ப்போம்:

```c
int speed = 100;
int count;
```

`speed` ரேமில் இருக்க வேண்டும், ஏனென்றால் அதன் மதிப்பு மாறும். ஆனால் மின்சாரம் போனால் ரேமில் எதுவும் தங்காது. அதனால் 100 என்ற எண்ணின் பிரதி ஃபிளாஷில் வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு ரீசெட்டின்போதும் அங்கிருந்து ரேமுக்கு நகலெடுக்கப்படும். `count`-க்குத் தொடக்க மதிப்பு தரப்படவில்லை. அத்தகைய பொது மாறி பூஜ்யத்தில் தொடங்கும் என்று சி மொழியின் விதி உறுதி சொல்கிறது. அந்த உறுதியைக் காப்பாற்றுவது தொடக்க நிரலில் உள்ள ஒரு சின்னச் சுற்று:

```c
uint32_t *p = &_sbss;
while (p < &_ebss) *p++ = 0;
```

தொடக்க நிரலைச் சொந்தமாக எழுதிப் பார்ப்பவர்கள் இந்த இரண்டு வரிகளை விட்டுவிட்டால் என்ன ஆகும்? கம்பைலர் எச்சரிக்காது. நிரலும் ஓடும். `count`-ஐ ஒவ்வொரு நொடியும் ஒன்று கூட்டித் திரையில் காட்டும் நிரல் என்று வைத்துக்கொள்வோம். 37 வரை போனபின் ரீசெட் பொத்தானை அழுத்தினால், 1-இலிருந்து தொடங்காமல் 38 என்று தொடரும். ரீசெட் பொத்தான் ரேமை அழிப்பதில்லை. பழைய எண் அப்படியே கிடக்கிறது. மின்சாரத்தைச் சிறிது நேரம் துண்டித்துவிட்டுக் கொடுத்தாலோ, சம்பந்தமே இல்லாத பெரிய எண் வரும். ரேமின் ஒவ்வொரு பிட்டும் மின்சாரம் வந்தவுடன் 0 பக்கமா 1 பக்கமா சாயும் என்பதை உற்பத்தியில் வந்த நுண்ணிய வேறுபாடுகளே முடிவுசெய்கின்றன. ரீசெட்டில் ஒரு விதம், மின்சாரம் போய் வந்தால் இன்னொரு விதம் என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தச் சுற்றைத்தான்.

சுற்றை எழுதியும் தவறுபவர்கள் உண்டு. `&_sbss` என்பதில் உள்ள `&` குறியை விட்டுவிடுவார்கள். `_sbss` லிங்கர் உருவாக்கிய பெயர். அதற்கு முகவரி மட்டுமே உண்டு, மதிப்பு கிடையாது. குறி இல்லாவிட்டால் அந்த இடத்தில் தற்செயலாகக் கிடக்கும் எண்ணையே முகவரியாக எடுத்துக்கொண்டு சில்லு எங்கோ எழுதப் போகலாம். `main`-ஐ எட்டாமலே நின்றுவிடவும் கூடும்.

செயற்கூறுக்குள் அறிவிக்கும் `int x;` போன்ற மாறிகள் இந்தச் சுற்றில் வருவதில்லை. அவை ஸ்டாக்கிலோ ரெஜிஸ்டரிலோ இடம் பெறுபவை. அங்கே முன்பு இருந்த குப்பையோடுதான் வரும். அவற்றுக்குத் தொடக்க மதிப்பு தருவது எழுதுபவரின் பொறுப்பு.

இதையெல்லாம் கண்ணால் பார்க்கலாம். டீபக்கரில் நிறுத்தப் புள்ளியை `main`-இல் வைக்காமல் `Reset_Handler`-இல் வையுங்கள். மேப் கோப்பில் `count`-இன் முகவரியைத் தேடி, நினைவகச் சாளரத்தில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டளையாக நகருங்கள். சுற்று அந்த முகவரியைத் தாண்டும் கணத்தில் எண் பூஜ்யமாக மாற வேண்டும். மாறவில்லை என்றால், பிழை `main`-க்குள் இல்லை. அதற்கு முன்பே இருக்கிறது.