எண் பழசு, ஓட்டை அடைத்தாயிற்று

ஸ்கேனர் அறிக்கையில் ஒரு வரி சிவப்பாக நிற்கிறது. உபுண்டு 22.04 சர்வரில் ஓப்பன்எஸ்எஸ்எச் 8.9 ஓடுகிறதாம், CVE-2024-6387 என்ற ஓட்டை அதில் இருக்கிறதாம், உடனே 9.8-க்கு மாற வேண்டுமாம். 2024 ஜூலை 1 அன்று வெளியான அந்த ஓட்டை நிஜமாகவே ஆபத்தானது. கடவுச்சொல் இல்லாமலே வெளியாள் உள்ளே புக வழிவிடக்கூடியது. ஆனால் ஸ்கேனர் ஓட்டையைச் சோதித்துப் பார்க்கவில்லை. 22-ஆம் போர்ட்டைத் தட்டி, வந்த முதல் வரியைப் படித்தது, அவ்வளவுதான்.

```
SSH-2.0-OpenSSH_8.9p1 Ubuntu-3ubuntu0.10
```

இதில் 8.9p1 வரை படித்துவிட்டு, 9.8-ஐவிடச் சிறியது என்று முடிவுகட்டிவிட்டது. விஷயம் இருப்பதோ வாலில்.

உபுண்டுக்காரர்கள் ஒரு வெளியீட்டின் ஆயுள் முழுக்க மென்பொருளின் பதிப்பைப் பொதுவாக மாற்றுவதில்லை. புதுப் பதிப்பு வந்தால் பழைய அமைப்புக் கோப்புகள் முரண்டு பிடிக்கலாம். அதனால் 9.8-இல் வந்த திருத்தத்தை மட்டும் வெட்டி எடுத்து 8.9-இல் ஒட்டுப்போடுகிறார்கள். இதுதான் பேக்போர்ட். எண் அப்படியே இருக்கும், வால்தான் வளரும். 22.04-க்கு இந்த ஓட்டை அடைபட்டது 0.10 என்ற வாலில்.

அந்த 0.10 பலரைக் குழப்புகிறது. 0.7-ஐவிட அது சிறியது என்று நினைத்துவிடுகிறார்கள். இது தசமம் அல்ல. ஏழுக்குப் பிறகு வரும் பத்து. ரெட் ஹாட் சர்வர்களில் அந்த முதல் வரியில் வாலே இருக்காது. அங்கே உள்ளே நுழைந்துதான் பார்க்க வேண்டும்.

உபுண்டுவிலும் உள்ளே பார்ப்பதே நல்லது:

```
dpkg-query -W openssh-server
apt changelog openssh-server | grep CVE-2024-6387
```

முதல் கட்டளை நிறுவிய பதிப்பைச் சொல்லும். இரண்டாவது, மாற்றக் குறிப்பில் இந்த ஓட்டையின் பெயர் வருகிறதா என்று தேடும். கூடவே சேவை எப்போது தொடங்கியது என்பதையும் பாருங்கள். பேக்கேஜ் புதிதாகி, பழைய நிரல் இன்னும் நினைவகத்தில் ஓடிக்கொண்டிருந்தால் ஓட்டை அடைபட்டதாகச் சொல்ல முடியாது.

"பொய் எச்சரிக்கை" என்று இரண்டு சொல்லில் எழுதி மூடினால் தணிக்கைக்காரர் ஏற்கமாட்டார், ஏற்கவும் கூடாது. சர்வரின் பெயர், CVE எண், நிறுவிய பதிப்பு, உபுண்டுவின் பாதுகாப்பு அறிவிப்பு சொல்லும் திருத்தப் பதிப்பு, கட்டளைகளின் வெளியீடு, பார்த்தவர், பார்த்த தேதி, மறுபடி பார்க்க வேண்டிய தேதி: இவ்வளவும் வேண்டும். "ஆபத்தை ஏற்றுக்கொண்டோம்" என்ற பெட்டியில் மட்டும் குறியிடாதீர்கள். ஓட்டை அப்படியே இருக்கிறது என்று ஒப்புக்கொள்பவர் இடும் குறி அது.

இந்த விலக்கை எல்லா சர்வர்களுக்கும் ஒரே அழுத்தில் போட்டுவிடும் பழக்கமும் உண்டு. எப்போதோ யாரோ ஓப்பன்எஸ்எஸ்எச்சைத் தானே கம்பைல் செய்து `/usr/local/sbin`-இல் வைத்துவிட்டுப் போயிருப்பார். அங்கே `dpkg` கட்டளை 0.10 என்றே காட்டும். 22-ஆம் போர்ட்டில் பதில் சொல்வது வேறொரு நிரல், அது தரும் வரியில் உபுண்டு என்ற வால் இல்லை. அந்தச் சர்வரில் ஸ்கேனர் சொன்னதுதான் சரி.