இரண்டு ரூபாய் மிச்சம் யாருக்கு?

கார் கம்பெனிக்கு இரும்பு பிராக்கெட் செய்து தரும் சிறு தொழிற்சாலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அம்பத்தூரிலும் ஓசூரிலும் இப்படி எத்தனையோ இருக்கின்றன. அந்த பிராக்கெட்டில் ஆறு ஓட்டைகள். இரண்டுக்கு வண்டியில் ஒரு வேலையும் கிடையாது. பழைய மாடலின் டிராயிங்கில் இருந்தவை, யாரும் அழிக்காததால் தொடர்ந்து வருகின்றன. அவற்றை எடுத்துவிட்டால் ஒரு ஆபரேஷன் குறையும், பீஸுக்கு இரண்டு ரூபாய் மிச்சமாகும். பிரஸ் ஓட்டுபவருக்கு இது தெரியும், முதலாளிக்கும் தெரியும். கார் கம்பெனிக்கு மட்டும் தெரியாது.

முதலாளி வாயைத் திறக்க மாட்டார். சொன்னால் மறுநாளே பர்ச்சேஸிலிருந்து, "ரெண்டு ரூபாய் குறைச்சு ரேட் அனுப்புங்க" என்று போன் வரும். அடுத்த வருடம் அதே திருத்திய டிராயிங் போட்டிக்காரரின் மேஜையில் கொட்டேஷனுக்காகக் கிடக்கும். டிராயிங்கை மாற்றும் அதிகாரம் அவரிடம் இல்லை. அதனால் அந்த இரண்டு ரூபாய் அவருக்கும் இல்லை, கார் கம்பெனிக்கும் இல்லை. வருடா வருடம் ஏலம் போட்டு வாங்கும் முறையின் செலவு இப்படித்தான் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

இந்த முடிச்சை அவிழ்த்துக் காட்டியது அமெரிக்காவின் கிரைஸ்லர். 1980களின் இறுதியில் பணமுடையில் திணறிய அந்த கார் கம்பெனியில், கொள்முதல் பிரிவின் தலைவராக இருந்த தாமஸ் ஸ்டால்காம்ப் ஸ்கோர் என்றொரு திட்டத்தைக் கொண்டுவந்தார். செலவைக் குறைக்கும் வழி தெரிந்தால் சப்ளையர் எழுதித் தரலாம். அது எங்கள் டிசைனில் இருக்கும் குறையாக இருந்தாலும் சரி, எங்கள் தொழிற்சாலையில் நடக்கும் வீணாக இருந்தாலும் சரி. மிச்சமாகும் பணத்தில் பாதியைச் சப்ளையரே வைத்துக்கொள்ளலாம். இன்னும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் அடுத்த ஆர்டரில் அது அவர் கணக்கில் சேரும்.

பாதிப் பணத்தைத் தருகிறேன் என்று சொல்வது சுலபம். ஒரு வருட ஆர்டரை வைத்துக்கொண்டு சொன்னால் யார் நம்புவார்கள்? எனவே கிரைஸ்லர் ஒப்பந்தக் காலத்தையும் நீட்டியது. 1989-இல் சராசரியாக இரண்டு ஆண்டுகளாக இருந்தது, 1994-க்குள் நான்கு ஆண்டுகளைத் தாண்டியது. பெரும்பாலான சப்ளையர்களுக்கு, அந்த மாடல் ஓடும் வரை வேலை உங்களுடையது என்ற வாய்மொழி உறுதியும் கிடைத்தது. அதன் பிறகு யோசனைகள் குவியத் தொடங்கின. 1995 முடிவதற்குள் 5,300 யோசனைகள் செயலுக்கு வந்தன. அவற்றால் ஆண்டுக்கு 170 கோடி டாலருக்கும் மேல் மிச்சம் என்று கணக்கிட்டார்கள்.

நீண்ட ஒப்பந்தம் என்றால் சப்ளையர் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். விலை வருடந்தோறும் இத்தனை சதவீதம் குறையும் என்று அதிலேயே எழுதியிருக்கும். இரும்பு விலை ஏறி இறங்கினால் அந்த வித்தியாசத்தைக் கூட்டிக் கழிக்க ஒரு ஷரத்து இருக்கும். லாபம் விலையில் இல்லை, காலத்தில்தான் இருக்கிறது. நம் பிராக்கெட்டையே பார்ப்போம். அதற்கு 36 லட்ச ரூபாயில் புது டை செய்தால் வேலை வேகமாக நடக்கும், ஸ்கிராப் குறையும். வருடத்துக்கு 1,20,000 பீஸ் ஆர்டர். கையில் ஒரு வருட ஆர்டர்தான் இருக்கிறது என்றால் டைக்காகப் பீஸுக்கு 30 ரூபாய் ஏற்ற வேண்டும், யாரும் வாங்க மாட்டார்கள். ஐந்து வருட ஆர்டர் என்றால் 6 லட்சம் பீஸ், பீஸுக்கு 6 ரூபாய். இப்போது அந்த டையைத் துணிந்து செய்யலாம்.

இதில் ஒரு பள்ளமும் உண்டு. பல ஒப்பந்தங்கள் விலையை உறுதி செய்கின்றன, எண்ணிக்கையை உறுதி செய்வதில்லை. ஷெட்யூலில் வருவதுதான் ஆர்டர். வண்டி சந்தையில் எடுபடாமல் ஐந்து வருடத்தில் 3 லட்சம் பீஸ்தான் போனது என்றால், டைக்குப் போட்டதில் 18 லட்சம் திரும்பாது. எண்ணிக்கை குறைந்தால் டையின் மீதிச் செலவை வாங்குபவர் தர வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் பிழைத்தோம்.

அந்த ஒரு வரியைக் கேட்டு வாங்கவும், அதன் பிறகு ஐந்து வருடம் உறவைக் காக்கவும் ஓர் ஆள் வேண்டும். அவர்தான் கீ அக்கவுன்ட் மேனேஜர். ஆர்டர் பிடித்துவிட்டு அடுத்த பார்ட்டியைத் தேடி ஓடும் சேல்ஸ்மேன் அல்ல அவர். ஒன்றோ இரண்டோ பெரிய வாடிக்கையாளர்களோடே இருப்பவர். வாங்கும் கம்பெனி ஒன்றாகத் தெரிந்தாலும் உள்ளே பர்ச்சேஸுக்கு விலை, டிசைனுக்கு எடை, குவாலிட்டிக்கு ரிஜெக்‌ஷன், அசெம்ப்ளி லைனுக்குச் சரியான நேரத்தில் வண்டி வருவது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கவலை. நால்வரையும் தெரிந்திருக்க வேண்டும். அதைவிடக் கடினம், சொந்தத் தொழிற்சாலையில் சண்டை போடுவது. இரவு ஷிஃப்டில் பிரஸ் நின்றுபோனால், வாடிக்கையாளர் லைன் நிற்பதற்கு முன்பே தானாகப் போன் செய்து, "நாளைக்கு 2,000 பீஸ் குறையும், பழைய ஸ்டாக்கிலிருந்து காலை பத்து மணிக்குள் அனுப்புகிறோம்" என்று சொல்ல வேண்டும். சொன்னபடி அனுப்ப உள்ளே அவர் பேச்சு எடுபட வேண்டும். அந்த அதிகாரம் தராமல் விசிட்டிங் கார்டில் மட்டும் பதவியை அச்சடித்துக் கொடுக்கும் நிறுவனங்கள் நம்மிடம் அதிகம்.

உறவு வளர்கிறதா என்று தெரிந்துகொள்ள தீபாவளி ஸ்வீட் பாக்ஸை எண்ண வேண்டியதில்லை. உங்களை எப்போது கூப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். டிராயிங் முடிந்து கொட்டேஷனுக்காகக் கூப்பிட்டால் நீங்கள் இன்னும் பத்தோடு பதினொன்று. டிராயிங் போடும்போதே கூப்பிட்டு, இதை எப்படிச் செய்தால் மலிவு என்று கேட்டால் உள்ளே வந்துவிட்டீர்கள்.

சென்னையின் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் அப்படி உள்ளே போன கம்பெனி. 1990களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் பிரிட்டனில் நடத்திவந்த ரேடியேட்டர் மூடித் தயாரிப்பைக் கைவிட்டபோது, அந்த இயந்திரங்களை வாங்கி இங்கே கொண்டுவந்து, அவர்களுக்கே மூடி செய்து அனுப்பத் தொடங்கியது. பிறகு ஜெனரல் மோட்டார்ஸின் சிறந்த சப்ளையர் விருதைத் தொடர்ந்து பல ஆண்டுகள் வாங்கியது. வேடிக்கை என்னவென்றால், அதே ஜெனரல் மோட்டார்ஸ்தான் 1992-இல் லோபஸ் என்ற கொள்முதல் தலைவரின் கீழ், கையெழுத்தான ஒப்பந்தங்களையும் பிரித்து மறு ஏலம் போட்டுப் பல சப்ளையர்களைப் பகைத்துக்கொண்டது.

கிரைஸ்லரின் கதையும் நல்லபடியாக முடியவில்லை. 1998-இல் ஜெர்மனியின் டெய்ம்லரோடு இணைந்தது. மறுவருடம் ஸ்டால்காம்ப் வெளியேறினார். 2000 டிசம்பரில் புதுத் தலைமை சப்ளையர்களுக்குச் செய்தி அனுப்பியது: ஜனவரி 1 முதல் விலையில் 5 சதவீதம் குறைக்க வேண்டும், அடுத்த இரண்டு ஆண்டுகளில் இன்னும் 10 சதவீதம். பத்து வருடமாகச் சேர்த்த நம்பிக்கைக்கு விழுந்த அடி அது. வாய்மொழி உறுதி கொடுத்தவர் போன பிறகு அந்த உறுதிக்குப் பொறுப்பேற்க யாரும் இல்லை.

சிறு தொழில் நடத்துபவர்கள் நீண்ட ஒப்பந்தத்தில் கையெழுத்து போடும் முன், விலை எழுதியிருக்கும் பக்கத்துக்குக் கடைசியில் வாருங்கள். முதலில் எண்ணிக்கை குறைந்தால் டைக்காசு யார் தருவது, நீங்கள் சொல்லும் யோசனையில் மிச்சமாகும் பணம் யாருக்கு என்ற இரண்டு வரிகளைத் தேடுங்கள். இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள்.