அரிக்கும் கைக்கு எந்தக் கையுறை?

திகாம் பத்து தோட்டத்தில் என் பாட்டி முப்பது ஆண்டுகள் பால் மரம் வெட்டியவர். வெறுங்கையால்தான் பாலைத் தொட்டார். ஒருநாளும் கை அரித்ததில்லை. அவருடைய பேத்தியான எனக்கு, அந்தப் பாலில் செய்த கையுறையே ஒத்துக்கொள்ளவில்லை.

சுங்கை பட்டாணியில் ஒரு பல் கிளினிக்கில் தாதியாக வேலை செய்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், கையுறை மாட்டிய பத்து நிமிடத்திலேயே மணிக்கட்டில் கொசு கடித்தது போலத் தடிப்புகள் எழும்பின. கழற்றி ஒரு மணி நேரத்தில் மறைந்துவிடும். பிறகு பக்கத்தில் யாராவது மாவு போட்ட கையுறையை உதறினாலே தும்மல் வந்தது. ரத்தப் பரிசோதனை செய்த மருத்துவர், ரப்பர் பாலில் இருக்கும் புரதம்தான் காரணம் என்றார். மாவு தடவிய கையுறையில் அந்தப் புரதம் மாவோடு ஒட்டிக் காற்றில் பறந்து மூக்கிலும் ஏறுகிறது. அமெரிக்கா 2017 ஜனவரியில் மாவு போட்ட மருத்துவக் கையுறைகளைத் தடை செய்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

நைட்ரைல் கையுறைக்கு மாறினேன். அது செயற்கை ரப்பர். மரத்துப் பால் அதில் இல்லை. அரிப்பு நின்றது.

என் அண்ணி உணவகச் சமையலறையில் வேலை செய்கிறார். அவர் கைகளும் அரித்து வெடித்திருந்தன. நான் குணமான மகிழ்ச்சியில் ஒரு பெட்டி நைட்ரைல் கையுறை வாங்கிக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து, “நீ கொடுத்ததும் கடிக்குதேம்மா” என்று கையை நீட்டினார். விரல்களில் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள். சிவப்பு கையுறை முடியும் கோட்டில் சரியாக நின்றிருந்தது.

அப்போதுதான் கேட்டேன்: “போட்டவுடனே அரிக்குதா அண்ணி?” “இல்லம்மா, இன்னிக்குப் போட்டா நாளைக்கோ மறுநாளோதான்.” விடை அந்த நேரக் கணக்கில்தான் இருந்தது.

தோல் மருத்துவர் அண்ணியின் முதுகில் சிறு ஒட்டுகளை ஒட்டி, இரண்டு நாள் நனைக்கக் கூடாது என்றார். எடுத்தபோது ஒருமுறை, அதன்பின் இரண்டு நாள் கழித்து மறுமுறை பார்த்தார். ‘கார்பமேட்’ வகை ரசாயனம் இருந்த இடம் சிவந்து தடித்திருந்தது. ரப்பர் சீக்கிரம் இறுகுவதற்காகத் தொழிற்சாலையில் சேர்க்கும் முடுக்கி அது. மரத்துப் பால் கையுறையிலும் இருக்கும், நைட்ரைலிலும் இருக்கும். அதனால்தான் என்னைக் காப்பாற்றிய கையுறை அண்ணியைக் கடித்தது.

மூன்றாவது வகையும் உண்டு. தடிப்போ கொப்புளமோ இல்லாமல் கை வறண்டு, எரிந்து, வெடித்தால், பெரும்பாலும் அது ஒவ்வாமை இல்லை. அடிக்கடி சோப்புப் போட்டுக் கழுவுவதாலும், கையுறைக்குள் வியர்வை தேங்குவதாலும் வருவது. இதற்குக் கையுறையை மாற்றுவதைவிட, கையை நன்றாகத் துடைத்துக் காய்ந்தபின் மாட்டுவதும், உள்ளே மெல்லிய பருத்தி உறை போடுவதும், வேலை முடிந்ததும் வாசனையில்லாத களிம்பு தடவுவதும்தான் உதவும். ஆனால் இப்படி வெடித்த தோல் வழியாக ஒவ்வாமைப் பொருள்கள் எளிதாக நுழையும்; அலட்சியம் வேண்டாம்.

இப்போது அண்ணி ‘முடுக்கி இல்லாதது’ என்று பெட்டியில் அச்சிட்ட நைட்ரைல் வாங்குகிறார். விலை சற்று அதிகம். காய்கறி நறுக்க, கீரை ஆய வினைல் கையுறை. அது சீக்கிரம் கிழியும். அதன் பிளாஸ்டிக்கை இளக்கும் பொருள் எண்ணெயில் கரையக்கூடும் என்பதால் வடை, பொரியல் எடுக்க அதைப் போடுவதில்லை, இடுக்கிதான். பாத்திரம் கழுவ, உள்ளே பருத்தி உறையோடு தடித்த பி.வி.சி. கையுறை.

என்னைப் போலப் புரத ஒவ்வாமை உள்ளவர்கள் ‘ஒவ்வாமை குறைந்தது’, ‘புரதம் குறைந்தது’ என்ற எழுத்தை நம்பி வாங்கக் கூடாது. ‘லேடெக்ஸ் இல்லாதது’ என்று இருக்க வேண்டும். பலூனும் ஆகாது. வாழைப்பழம், பப்பாளி, அவகாடோ, கிவி ஆகியவற்றிலும் ஒத்த புரதங்கள் இருப்பதால் சிலருக்கு வாய் அரிக்கும். எனக்கு வாழைப்பழம் சாப்பிட்டால் உதடு குறுகுறுக்கும். மருத்துவரிடம் சொல்லி நிறுத்திவிட்டேன். பல் பிடுங்கப் போனாலும், அறுவைச் சிகிச்சை, பிரசவம் என்றாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முகம் வீங்கி மூச்சு இறுகினால், மாத்திரை போட்டுவிட்டுக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

உங்கள் கை அரித்தால், கையுறை மாட்டிய நேரத்தையும் அரிப்பு தொடங்கிய நேரத்தையும் ஒரு வாரம் குறித்துவையுங்கள். அந்தத் தாளோடும், கையுறைப் பெட்டியோடும் மருத்துவரைப் பாருங்கள். அண்ணி பெட்டியைக் கொண்டுபோனதால்தான் எதை ஒட்டிச் சோதிப்பது என்று மருத்துவருக்குத் தெரிந்தது.